டிக்கெட் நிகழ்ச்சிக்கான விளம்பரப் பணத்தை வாரங்களுக்குப் பிரிப்பது எப்படி?

கேள்வி: 600 பேர் அமரும் அரங்கில் ஒரு இசை நிகழ்ச்சி. விற்பனை தொடங்கி நிகழ்ச்சி நாள் வரை 6 வாரம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், கூகுள் விளம்பரப் பணத்தை எப்படிப் பிரித்துச் செலவிடுவது? எதனால் எத்தனை டிக்கெட் போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

முதலில் பட்ஜெட்டை டிக்கெட் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். அரங்கு நிறைந்தால் வரும் வசூலில் பத்தில் ஒரு பங்கை விளம்பரத்துக்கு ஒதுக்குவதாக வைத்துக்கொள்வோம். அது 60 டிக்கெட்டின் விலை. பாதி இருக்கைகள் உங்கள் பழைய ரசிகர் பட்டியல், கலைஞரின் பக்கம், வாய்வழிச் செய்தி ஆகியவற்றால் நிரம்பும் என்றால், மீதி 300 டிக்கெட்டை விளம்பரம் விற்க வேண்டும். அப்படியானால் விளம்பரத்தால் போகும் ஒரு டிக்கெட்டுக்கு அதன் விலையில் ஐந்தில் ஒரு பங்கு வரை செலவிடலாம். இனி எடுக்கும் எல்லா முடிவுக்கும் இதுதான் அளவுகோல்.

டிக்கெட் விற்பனை நேர்கோட்டில் ஏறாது. அறிவித்த முதல் சில நாட்களில் ஒரு துள்ளல், நடுவில் நீண்ட மந்தம், கடைசி பத்து நாளில் மறுபடி ஏற்றம். நடு வாரங்களில் மக்களுக்கு அவசரமில்லை. "பிறகு வாங்கிக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். அந்த மனநிலையைப் பணத்தால் மாற்றுவது கடினம். அதனால் 60 டிக்கெட் விலையை ஆறாகப் பிரித்து வாரத்துக்குப் பத்து என்று போடாதீர்கள். முதல் வாரம் 12, அடுத்த மூன்று வாரங்களுக்கு 6 வீதம், ஐந்தாம் வாரம் 12, கடைசி வாரம் 12. மீதி 6 கையிருப்பு. அதை எப்போது தொடலாம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நடு வாரங்களில் போடும் சிறு தொகை உடனே டிக்கெட் விற்பதற்காக அல்ல. டிக்கெட் பக்கம் வரை வந்து வாங்காமல் போனவர்களின் பட்டியலை வளர்ப்பதற்காக. ஐந்தாம், ஆறாம் வாரங்களில் அதே ஆட்களுக்குத் திரும்ப விளம்பரம் காட்டும்போதுதான் டிக்கெட் மலிவாகப் போகும். ஏற்கெனவே வாங்கியவர்களை அந்தப் பட்டியலிலிருந்து நீக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் கையில் டிக்கெட் இருப்பவருக்கே காசு கொடுத்து விளம்பரம் காட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களை நடத்தும் மெட்டாவில் இன்னொரு சிக்கல். ஒரே பட்ஜெட்டில் ஓடும் விளம்பரத் தொகுப்பான ஆட் செட் ஒன்று, யாருக்குக் காட்டுவது என்று கற்று நிலைபெற வாரத்துக்குச் சுமார் 50 வாங்குதல்கள் தேவை. மந்தமான வாரத்தில் உங்களுக்கு எட்டோ பத்தோ ஆர்டர்தான் வரும். ஐந்து ஆட் செட்டாகப் பிரித்தால் ஒன்றுமே கற்றுக்கொள்ளாது. எனவே ஒரே ஆட் செட், அதற்குள் மூன்று நான்கு விளம்பரங்கள் போதும். நடு வாரங்களில் இலக்கை, வாங்கி முடிப்பதைக் குறிக்கும் Purchase-க்குப் பதிலாக, பணம் கட்டத் தொடங்குவதைக் குறிக்கும் InitiateCheckout என்று வைக்கலாம். அது பல மடங்கு அதிகமாக நடக்கும். ஐந்தாம் வாரத் தொடக்கத்தில் Purchase இலக்குடன் புது ஆட் செட் திறந்துகொள்ளுங்கள். பட்ஜெட்டை ஒரே நாளில் இரட்டிப்பாக்கினால் கற்றல் முதலிலிருந்து தொடங்கிவிடக்கூடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 20 சதவீதம் போல ஏற்றுங்கள். இதனால்தான் கடைசி வார ஏற்றத்தை 14 நாள் இருக்கும்போதே தொடங்க வேண்டும். மூன்று நாள் இருக்கும்போது கொட்டுகிற பணம் பெரும்பாலும் வீண். "நாளை மறுநாள்" என்று சொல்லும் விளம்பரங்களையும் ஒரு வாரம் முன்பே ஏற்றி, தேதி குறித்து வையுங்கள். ஒப்புதல் எப்போதும் சில மணி நேரத்தில் கிடைத்துவிடாது.

இனி கணக்கு. ஆள் எந்த விளம்பரத்திலிருந்து வந்தார் என்று காட்டும் utm குறிப்புகளுடன் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் தனி இணைப்பு கொடுங்கள்:

```
https://example.com/tickets?utm_source=instagram&utm_medium=paid&utm_campaign=week1&utm_content=video_a
```

எல்லாம் சிறிய எழுத்தில் இருக்கட்டும். `Instagram`, `instagram` இரண்டும் அறிக்கையில் இரண்டு வரிசையாக வரும். விற்பனை தொடங்கும் முன் நீங்களே ஒரு டிக்கெட் வாங்கிப் பாருங்கள். பல டிக்கெட் தளங்களில் பணம் கட்ட வேறு பக்கத்துக்குப் போய்த் திரும்பும்போது utm தகவல் தொலைந்து, விற்பனை முழுவதும் அந்தப் பணப்பரிமாற்ற தளத்தின் பெயரில் பதிவாகும். கூகுள் அனலிட்டிக்ஸில் List unwanted referrals என்ற இடத்தில் அந்த முகவரியைச் சேர்த்தால் சரியாகும். இன்னொன்று: Purchase என்பது ஆர்டரின் எண்ணிக்கை. ஒருவர் மூன்று டிக்கெட் வாங்கினாலும் ஒன்றுதான்.

மெட்டாவும் கூகுளும் சொல்லும் விற்பனையை ஒருபோதும் கூட்டாதீர்கள். ஒரே ஆளின் ஆர்டருக்கு இரண்டும் உரிமை கொண்டாடும். மெட்டாவின் வழக்கமான அமைப்பில், சொடுக்காமல் வெறுமனே பார்த்துவிட்டு ஒரு நாளுக்குள் வாங்கியவரும் விளம்பரக் கணக்கில் வருவார். நம்ப வேண்டிய எண் டிக்கெட் தளத்தின் மொத்த விற்பனை. தினமும் ஒரே நேரத்தில் அதை ஒரு தாளில் குறியுங்கள்: மீதி நாள், இதுவரை விற்ற டிக்கெட், இதுவரை செலவு, utm வழியே வந்த டிக்கெட். பக்கத்தில் அன்றைக்கு எட்டியிருக்க வேண்டிய இலக்கு. உங்கள் அரங்குக்கு வார முடிவில் 130, 180, 225, 285, 390, 600 என்று வைத்துப் பார்க்கலாம்.

மூன்றாம் வார முடிவில் 195 விற்றிருக்கிறது என்போம். இலக்குக்கு 30 குறைவு. இதுவரை செலவு 24 டிக்கெட் விலை. 24-ஐ 195-ஆல் வகுத்தால் ஒரு டிக்கெட்டுக்கு அதன் விலையில் எட்டில் ஒரு பங்குதான். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது முதல் வாரத் துள்ளலின் நிழல். மூன்றாம் வாரத்தை மட்டும் பாருங்கள்: செலவு 6, விற்றது 25. அதில் பத்து உங்கள் மின்னஞ்சல் பட்டியலிலிருந்து வந்தவை என்றால், விளம்பரத்தின் பங்கு 15. ஆக ஒரு டிக்கெட்டுக்கு ஐந்தில் இரண்டு பங்கு, வரம்பைப் போல இரு மடங்கு. இங்கே பதறிப்போய்ப் பணத்தை ஏற்றுவதுதான் வழக்கமான தவறு.

எங்கே ஒழுகுகிறது என்று முதலில் பாருங்கள். ஆயிரம் பேர் பக்கத்துக்கு வந்து, 80 பேர் பணம் கட்டும் இடம் வரை போய், 4 பேர் மட்டும் வாங்கியிருந்தால் விளம்பரம் தன் வேலையைச் செய்துவிட்டது. கடைசித் திரையில் திடீரென ஏறும் கட்டணமோ கைபேசியில் சிக்கும் படிவமோதான் காரணமாக இருக்கும். 80-க்குப் பதில் 10 பேர்தான் அங்கே போனார்கள் என்றால் தவறான ஆட்களுக்கு விளம்பரம் போகிறது, அல்லது விளம்பரம் சொன்னதும் பக்கத்தில் இருப்பதும் பொருந்தவில்லை. இரண்டும் சரியாக இருந்தால் அது வெறும் மந்தம். செலவை 6-லேயே வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

கையிருப்பான 6-ஐத் தொட இரண்டு நிபந்தனைகள்: நிகழ்ச்சிக்கு 10 நாளோ அதற்குக் குறைவாகவோ இருக்க வேண்டும், கடைசி மூன்று நாளில் விளம்பர டிக்கெட்டின் செலவு ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். இரண்டாவது பொருந்தாவிட்டால் அந்தப் பணத்தை விளம்பரத்தில் போடாதீர்கள். இலக்குக்குப் பின்தங்கியிருந்தாலும் சரி. 540 டிக்கெட் போய்விட்டால் புது ஆட்களைத் தேடும் விளம்பரத்தை நிறுத்திவிட்டு, பக்கத்துக்கு வந்துபோனவர்களுக்கு மட்டும் காட்டுங்கள். எல்லா விளம்பரத்துக்கும் முடிவு நேரமாக இணைய விற்பனை மூடும் நேரத்தை முதல் நாளே போட்டு வையுங்கள். நிகழ்ச்சி நாளன்று யாருக்கும் அது நினைவிருக்காது.