அம்மாவை அந்தக் கடிதத்திலிருந்து எடுங்கள்

அன்புள்ள அக்கா, திருகோணமலையில் ஓர் அச்சகத்தில் 2021 மார்ச் 1 முதல் டிசைனராக இருக்கிறேன். மொத்தம் பதினெட்டுப் பேர் வேலை செய்கிறோம். சம்பளம் 70,000 ரூபா. இனி வீட்டிலிருந்து முழுநேரமாக ஃப்ரீலான்ஸ் செய்யப் போகிறேன். நிலாவெளியில் இரண்டு ஹோட்டல்களும், கனடாவில் கல்யாண ஆல்பம் செய்யும் ஒருவரும் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். விலகல் கடிதம் எழுதி ஒரு கிழமையாகிறது, கொடுக்கக் கை வரவில்லை. 2026 ஜனவரி 31உடன் உடனடியாக விலகுவதாக எழுதியிருக்கிறேன். காரணம் அம்மாவின் சுகவீனம் என்று போட்டேன், அவவுக்குச் சீனி வருத்தம் இருப்பது உண்மைதானே. முதலாளி நல்ல மனிதர், அவர் மனம் நோகக்கூடாது. கடிதத்தில் வேறு என்ன சேர்க்க வேண்டும்?
— ஒரு வாசகர், உப்புவெளி

தம்பி, சேர்ப்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் ஒன்றை எடுக்க வேண்டும்.

உங்கள் கடிதம் முழுவதிலும் என் கண்ணில் குத்தியது 'உண்மைதானே' என்ற அந்தச் சொல்தான். அம்மாவுக்குச் சீனி வருத்தம் எத்தனை வருடமாக இருக்கிறது? நீங்கள் வேலைக்குச் சேர்ந்த நாளிலும் அவ கிளினிக் கொப்பியைப் பையில் வைத்துக்கொண்டுதான் போய் வந்திருப்பா. அப்போது அது வேலைக்கு இடைஞ்சலாக இருக்கவில்லை, இப்போது மட்டும் எப்படிக் காரணமானது? இந்தப் பகுதிக்கு வரும் விலகல் கடிதங்களில் அம்மாமார் படும் பாடு சொல்லி மாளாது. நல்ல சுகத்தோடு சமைத்துக்கொண்டிருக்கும் மனுசிகளைப் பிள்ளைகள் கடிதத்தில் படுக்கையில் கிடத்திவிடுகிறார்கள். பெற்ற தாயின் உடம்பைச் சாட்டாக வைப்பது எனக்குப் பிடிக்காது. பழைய ஆள் பேசுகிறாள் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

சரி, என் விருப்பு வெறுப்பை விடுங்கள். அந்த வரி உங்களை எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள். முதலாளி நல்ல மனிதர் என்று நீங்களே சொல்கிறீர்கள். தன்னிடம் ஐந்து வருடம் வேலை செய்த பிள்ளையின் தாய்க்குக் கடுமை என்று கேட்டால் நம்மூரில் நல்ல மனிதர் என்ன செய்வார்? ஞாயிறு பின்னேரம் ஒரு பை அப்பிளோடு உப்புவெளிக்கு வருவார். அம்மா முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிற்பா. அந்த நேரத்தில் வெட்கப்படப்போவது நீங்கள் அல்ல, அவதான், என்ன நடக்கிறதென்றே தெரியாமல்.

வராவிட்டாலும் இன்னொன்று சொல்வார்: "தம்பி, விலக வேண்டாம், ஒரு மாதம் லீவு எடுத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்துவிட்டு வாரும்." அதற்கு உங்களிடம் என்ன பதில் இருக்கிறது? நீங்கள் சொன்ன காரணம் லீவோடு தீரக்கூடிய காரணம், ஆகவே உங்கள் கடிதம் அவர் கையில் லீவு விண்ணப்பமாக மாறிவிடும். அதை மறுக்க இன்னொரு பொய் வேண்டும். பெப்ரவரியில் உங்கள் பெயரில் ஃபேஸ்புக்கில் லோகோவும் மெனு கார்டும் வரத் தொடங்கும்போது அவர் மனம் நோகும். ஒருவன் விலகிப் போவதைத் தாங்கிக்கொள்ளும் மனிதர்கள், ஏமாற்றப்பட்டதை அவ்வளவு இலேசில் தாங்குவதில்லை. உங்கள் கைக்கு அதிகப்படியான வேலையை அனுப்பக்கூடிய முதல் ஆள் அவர்தான் என்பதும் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

விலகல் கடிதத்துக்குக் காரணமே தேவையில்லை. அப்படியிருக்க அம்மாவை ஏன் கூப்பிட்டீர்கள் என்று யோசித்தேன். 'உடனடியாக' என்ற சொல்லுக்காகத்தான். ஒரு மாத நொட்டீஸ் கொடுக்காமல் போக வேண்டும், அதற்கு வீட்டில் யாராவது அவசரமாக நோயாளியாக வேண்டும். அம்மாவை வெளியே எடுத்தால் அந்தச் சொல்லும் நிற்காது. நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள், எத்தனை நாள் முன்னறிவித்தல் என்று இருக்கும், பெரும்பாலும் ஒரு மாதம். அதைக் கொடுக்காவிட்டால் அந்த மாதச் சம்பளத்தை உங்களிடம் கேட்கலாம் என்றும் பல நியமனக் கடிதங்களில் எழுதியிருக்கும்.

இனித்தான் எனக்குக் கோபம் வந்த இடம். 2021 மார்ச் 1 சேர்ந்தீர்கள். 2026 பெப்ரவரி 28 முடிந்தால் ஐந்து வருடம். நீங்கள் கடைசி நாளாக எழுதியது ஜனவரி 31. இருபத்தெட்டு நாள் குறைகிறது தம்பி! 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு, மாதச் சம்பளக்காரர் என்றால், ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். தானாக விலகினாலும் கொடுக்க வேண்டும். நீங்கள் பதினெட்டுப் பேர். 70,000இல் பாதி 35,000, ஐந்தால் பெருக்கினால் 1,75,000 ரூபா. நாலு வருடம் பதினொரு மாதத்துக்கு அந்தச் சட்டத்தில் ஒரு சதமும் இல்லை. அம்மாவின் வருத்தத்தைச் சொல்லி, அம்மாவுக்குப் பல மாதம் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் கைகொடுத்திருக்கக்கூடிய காசைத் தள்ளிவிடப் பார்த்தீர்கள்.

ஆகவே ஜனவரியில் கடிதம் கொடுக்காதீர்கள். பெப்ரவரி 28ஐக் கடைசி நாளாகப் போட்டு இப்போதே கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். கொடுக்கலாம், ஆனால் கடிதத்தைக் கண்டதும் "நொட்டீஸ் காசைத் தருகிறேன், இன்றோடு நில்லும்" என்று அவர் சொன்னால் சேவை எந்த நாளில் முடிந்தது என்று வாதாட வேண்டிவரும். நல்ல மனிதரோடு அப்படி ஒரு வழக்கு எதற்கு? மார்ச் முதல் கிழமை கொடுங்கள், ஏப்ரல் முதல் கிழமை கடைசி நாளாக வரும். நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்காரருக்கு மே மாதத்திலிருந்துதான் கூட்டம், மெனு கார்டு, பெயர்ப்பலகை, விலைப்பட்டியல் எல்லாம் அதற்கு முன்னால்தான் அவர்களுக்கு வேண்டும். ஜனவரி முடிவில் வெளியே வந்து, மாரி முடிந்து காற்று வாங்கும் ஹோட்டல் வாசலில் நின்று என்ன செய்யப்போகிறீர்கள்?

சம்பளத்தை ஈடு செய்ய 70,000 உழைத்தால் போதும் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள் என்றும் நினைக்கிறேன். போதாது. முதலாளி உங்கள் சம்பளத்துக்கு மேலே 12 வீதம் சேமலாப நிதிக்கும் 3 வீதம் நம்பிக்கை நிதிக்கும் கட்டுகிறார், மாதம் 10,500 ரூபா. நாளையிலிருந்து அதை யாரும் கட்டமாட்டார்கள். விலகியதும் நம்பிக்கை நிதியை எடுக்க விண்ணப்பிக்கலாம், சேமலாப நிதி பொதுவாக ஆண்களுக்கு ஐம்பத்தைந்து வயதில்தான், அதை இப்போதைய செலவுக்கு நம்பாதீர்கள்.

சேர்ப்பது என்ன என்று கேட்டீர்களே, ஒரே விஷயம்: வேலையை எப்படி ஒப்படைப்பீர்கள் என்பது. அச்சகத்தில் டிசைனர் விலகினால் எல்லோருக்கும் தலையிடி கொடுப்பது பைல்கள்தான். கோயில் தர்மகர்த்தா ஒவ்வொரு வருடமும் அதே திருவிழா நோட்டீசோடு வருவார், திகதியை மட்டும் மாற்ற வேண்டும். நீங்கள் பிடிஎஃப்பை மட்டும் வைத்துவிட்டுப் போனால், அல்லது எழுத்தையெல்லாம் அவுட்லைன் ஆக்கி வைத்திருந்தால், புதுப் பிள்ளை முழு நோட்டீசையும் திரும்ப அடிக்க வேண்டும். பழையவை பாமினியில் இருக்கும், அந்த ஃபொன்ட் இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் போய் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். நீங்கள் ஐந்து வருடம் செய்தவற்றில் திரும்பத் திரும்ப வரும் முப்பது நாற்பது வேலைகளைத் தெரிந்தெடுத்து, திறந்து மாற்றக்கூடிய மூல பைல், ஃபொன்ட், இணைத்த படங்கள் மூன்றையும் ஒரே ஃபோல்டரில் போடுங்கள். InDesign என்றால் `File > Package` அதைச் செய்துவிடும். கண்ணீர் அஞ்சலியை மறக்காதீர்கள், அது இரவு ஒன்பது மணிக்கு வந்து விடிய முன் கேட்கும் வேலை, அதற்கு ஒரு மாதிரி தயாராக இருந்தால் அந்தப் பிள்ளை உங்களை வாழ்த்தும்.

அந்த மூல பைல்களை உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுக்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், வேலையின்போது நீங்கள் செய்தவற்றின் பொருளாதார உரிமை முதலாளிக்குத்தான். போர்ட்போலியோவில் காட்டப் படம் வேண்டுமென்றால் கடிதத்திலேயே கேளுங்கள், மறுக்கமாட்டார். அந்த ஹோட்டல்கள் அச்சகத்தின் வாடிக்கையாளர்களாக இருந்தால் அதையும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள்.

கடிதம் இவ்வளவுதான்:

"ஐயா, 2021 மார்ச் 1 முதல் இங்கு கிராபிக் டிசைனராகப் பணியாற்றி வருகிறேன். இன்று முதல் ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து, 2026 ஏப்ரல் … ஆம் திகதியுடன் பணியிலிருந்து விலகுகிறேன். இனிச் சுயமாக டிசைன் வேலை செய்ய எண்ணியுள்ளேன். அடிக்கடி வரும் வேலைகளின் மூல பைல்களை விலகுவதற்கு முன் பட்டியலோடு ஒப்படைப்பேன். நான் செய்த வேலைகளில் சிலவற்றை மாதிரியாகக் காட்ட உங்கள் அனுமதியையும், சேவைச் சான்றிதழையும், சட்டப்படியான பணிக்கொடையையும் வேண்டுகிறேன்."

இரண்டு பிரதி எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் கையில் கொடுத்து, ஒன்றில் பெற்ற திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். பணிக்கொடை விலகி முப்பது நாளுக்குள் வர வேண்டும், வராவிட்டால் ஒரு முறை மரியாதையாகக் கேளுங்கள், பிறகு தொழில் திணைக்களம் இருக்கிறது.

இந்தத் திட்டம் பற்றி அம்மாவுக்கு ஒரு சொல்லும் தெரியாது என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. மார்ச் வரை நாள் இருக்கிறது. அடுத்த கிளினிக் நாளில் அரை நாள் லீவு போட்டுவிட்டு அவவோடு போங்கள், அங்கே வாங்கில் இரண்டு மூன்று மணித்தியாலம் சும்மாதான் இருக்க வேண்டும், அப்போது சொல்லுங்கள். லீவு விண்ணப்பத்தில் காரணம் 'அம்மாவின் கிளினிக்' என்று தாராளமாக எழுதலாம்.