யார் அந்தக் குறிஞ்சி?

கேள்வி: அப்பா கடி ஜோக் சொன்னால் வீட்டில் ஒருவரும் சிரிப்பதில்லை. ‘ஐயோ, போதும்’ என்று தலையில் அடித்துக்கொள்கிறோம். ஆனால் அவர் ஒரு வாரம் ஊரில் இல்லாதபோது வீடே வெறிச்சோடிப் போனது. இது ஏன்?

கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் பஸ்ஸில் என் அப்பாவோடு ஏறியவர்களுக்கு இதற்கான பதில் பாதி தெரிந்திருக்கும். நடத்துநர் ‘குறிஞ்சிப்பாடி, குறிஞ்சிப்பாடி’ என்று குரல் கொடுத்ததும் அப்பா எங்கள் பக்கம் திரும்புவார். “யார் அந்தக் குறிஞ்சி? நாம் வரும்போதெல்லாம் பாடிக்கொண்டே இருக்கிறாள்.” அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நானும் தம்பியும் ஒரே குரலில் “ஐயோ அப்பா!” என்போம். அடுத்து வடலூர் வரும். அங்கே வடை இல்லாமல் எப்படி இருக்கும்?

முப்பது வருடமாக இதே வழி, இதே வசனம். சில நாள் மட்டும் ‘இன்றைக்குக் குறிஞ்சிக்குத் தொண்டை கட்டிவிட்டதாம்’ என்று சின்ன மாற்றம் இருக்கும்.

இந்த ஜோக்கைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஒரு சொல்லை இரண்டாக உடைத்து வேறு பொருள் வரவைப்பதைத் தமிழ் இலக்கணம் பிரிமொழிச் சிலேடை என்கிறது. காளமேகப் புலவர் பாம்புக்கும் எள்ளுக்கும் சிலேடை பாடும்போது ‘ஆடிக் குடத்தடையும்’ என்று தொடங்குகிறார். பாம்பு படமெடுத்து ஆடிக் குடத்துக்குள் போகிறது. எள் செக்கில் ஆடி எண்ணெயாகிக் குடத்துக்குப் போகிறது. இரண்டு பொருளும் தன் காலில் நிற்பதால் நாம் ‘ஆகா’ என்கிறோம். அப்பாவின் குறிஞ்சிக்கு ஒரு கால்தான். ஊர் இருக்கிறது, பாடுகிறவள் இல்லை. ‘பண்ருட்டியில் பன்னும் உண்டு, ரொட்டியும் உண்டு’ என்பது இன்னும் மோசம். அதற்கு ணகரத்தையே னகரமாக்க வேண்டியிருக்கிறது. பொருத்தம் எவ்வளவு நொண்டுகிறதோ அவ்வளவு பலமாக ‘ஐயோ’ வருகிறது.

அந்த ‘ஐயோ’வைச் சொல்லவும் ஒரு தகுதி வேண்டும். சொல் எங்கே உடைந்தது, பொருத்தம் எங்கே நொண்டியது என்று கண்டுபிடித்தால்தான் அது வாயில் வரும். என் மகள் நான்கு வயதில் குறிஞ்சியை நிஜமான பெண் என்று நினைத்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். ஏழு வயதில் விஷயம் புரிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பன்னிரண்டில் கண்ணை உருட்டத் தொடங்கினாள். அவளுக்குத் தமிழ் வளர்ந்துவிட்டது. ஜோக் ஏழு வயதிலேயே நிற்கிறது. எத்தனை அப்பாக்கள் இப்படிப் பழைய இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள் என்று எனக்கு முன்பெல்லாம் எரிச்சல் வரும். இப்போது அது தெரிந்தே நிற்பது என்று தோன்றுகிறது.

டென்மார்க்கில் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் ஹை-க்னுட்சன் என்ற ஆய்வாளர் இதைப் பற்றி 2021இல் ஒரு கட்டுரை எழுதினார். ஜோக் என்றால் சிரிக்கவைக்க வேண்டும் என்பது எழுதாத விதி. அப்பா அந்த விதியை வேண்டுமென்றே மீறுகிறார்; இவ்வளவு மட்டமான ஒன்றை ஒருவர் இவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து சொல்வதுதான் வேடிக்கை. பதின்வயதுப் பிள்ளைகளிடம் அது வலிக்காத சீண்டலாகவும் ஆகிறது. அப்பா மானம் போகப் பேசுகிறார், பஸ் கூரை இடிந்து விழவில்லை. இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிற பிள்ளைக்கு வெட்கத்தைத் தாங்கிக்கொள்ளப் பழக்கம் வருகிறது என்பது அவர் வாதம். எங்கள் வீட்டுக்கு இது சரியாகப் பொருந்துகிறது. அப்பா ஒருநாளும் சிரிப்பை எதிர்பார்த்து எங்கள் முகத்தைப் பார்த்ததில்லை. ‘ஐயோ’வுக்குத்தான் காத்திருப்பார். அது கிடைத்ததும் மீசைக்குள் ஒரு சின்ன அசைவு தெரியும். கச்சேரியில் பாடகர் ஒரு இடத்தில் நிறுத்த, மிருதங்கம் எடுத்துக்கொள்கிறதே, அப்படி எங்களுக்கென்று ஒரு இடம் விட்டு வைத்திருந்தார்.

2011 டிசம்பர் 30, தானே புயல் கரையைக் கடந்த விடியற்காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கடந்தது. மின்சாரம் போய்விட்டது. ஜன்னல் கதவு பிய்த்துக்கொண்டு போகாமல் இருக்க அதன்மேல் மேசையைச் சாய்த்து, நானும் தம்பியும் முதுகு கொடுத்து நின்றோம். பக்கத்து வீட்டுத் தகரம் ஒன்று எங்கள் மொட்டைமாடியில் விழுந்து இழுபட்ட சத்தத்தில் அம்மா ‘முருகா, முருகா’ என்பதையும் நிறுத்திவிட்டாள். யாரும் பேசவில்லை. மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்துக்கொண்டிருந்த அப்பா நிதானமாகச் சொன்னார்: “பயப்படாதீர்கள். தானே வந்தது. தானே போய்விடும்.”

ஒரு விநாடி ஒன்றும் இல்லை. பிறகு இருட்டில் மூன்று பக்கத்திலிருந்தும் “ஐயோ!” என்றோம். “இந்த நேரத்திலுமா?” என்று அம்மா கோபமாகக் கேட்டாள். மற்ற நாள்களில் கேட்கிற அதே கோபம், அதே குரல். அப்பா எங்களுக்குத் தைரியம் சொல்லியிருந்தால் நிலைமை மோசம் என்று புரிந்துகொண்டு இன்னும் பயந்திருப்போம். அவர் மொக்கை போட்டதால், இவர் வழக்கம்போல்தான் இருக்கிறார் என்று தெரிந்தது. தோட்டத்து முருங்கை போய்விட்டது, தண்ணீர்த் தொட்டி போய்விட்டது. வீட்டில் அந்தப் புயலைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்றும் முதலில் வருவது அந்த வரிதான்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. அதை அப்பா ஒருமுறை தாண்டினார். போன வருடம் மகளின் தோழிகள் வீட்டுக்கு வந்திருந்தபோது, அவள் அப்போதுதான் போட ஆரம்பித்திருந்த மூக்குக்கண்ணாடியை வைத்து ஏதோ சொன்னார். வழக்கமான சிலேடைதான். ஆனால் அதுவரை அசடாக நின்றது சொன்னவர். அன்றைக்கு அசடாக்கப்பட்டது அவள், அதுவும் தோழிகள் முன்னால். அவள் ‘ஐயோ தாத்தா’ என்று சொல்லவில்லை. லேசாகச் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ‘ஐயோ’ வராமல் மரியாதையாக ஒரு சிரிப்பு வந்தால் ஜோக் எங்கோ குத்திவிட்டது என்று அர்த்தம். அப்பாவுக்கும் அது உடனே புரிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுப் பழகாத தலைமுறை. அவர் ஜோக் சொல்வதையே நிறுத்திவிட்டார். இரண்டு வாரம் சாப்பாட்டு நேரத்தில் சாம்பாரைப் பற்றி மட்டுமே பேசினோம். உங்கள் வீடு வெறிச்சோடிய வாரம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்த மாதக் கடைசியில் ஒரு கல்யாணத்துக்காக எல்லோரும் விருத்தாசலம் பஸ்ஸில் போனோம். குள்ளஞ்சாவடி தாண்டியது. நடத்துநர் ‘குறிஞ்சிப்பாடி’ என்றார். அப்பா முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும் எங்கள் இடம் வருமென்று பழக்கதோஷத்தில் காத்திருந்தோம், வரவில்லை.

மகள் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு அவர் முழங்கையைத் தட்டினாள்.

“தாத்தா, யாரோ பாடுகிற மாதிரி இருக்கிறதே. யார் அது?”