புத்தி ரேகையின் முனை இரண்டாகப் பிரிந்தால்

உள்ளங்கையின் நடுவே குறுக்காக ஓடும் என் புத்தி ரேகை கடைசியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று நேராகப் போகிறது, இன்னொன்று கீழே இறங்குகிறது. இது குழப்பமான புத்தியா?

இல்லை. நேராக உள்ளங்கையைக் கடந்து சுண்டுவிரல் பக்க விளிம்பில் இருக்கும் செவ்வாய் மேட்டை நோக்கிப் போகும் கிளை கணக்கு, நடைமுறை, காரணகாரியம். மணிக்கட்டுப் பக்கம் சரிந்து, அதற்குக் கீழே இருக்கும் சந்திர மேட்டில் இறங்கும் கிளை கற்பனை. மோதிர விரலுக்குக் கீழே வரை ஒரே ரேகையாக வந்து, அதன்பின் சிறியதாகப் பிரிந்தால் ஒரு விஷயத்தை இரு பக்கமும் பார்க்கும் புத்தி என்பார்கள். மேலைநாட்டுக் கைரேகையில் இதற்கு ‘எழுத்தாளர் கவை’ என்றே பெயர். நடுவிரலுக்குக் கீழேயே பிரிந்து கிளைகள் வெகுதூரம் விலகினால்தான் முடிவெடுக்கத் தடுமாற்றம் என்று சொல்வது. இரண்டில் ஆழமான கிளை எதுவோ, அந்தப் பக்கமே மனம் முதலில் சாயுமாம்.

அதற்கு முன், அது கவைதானா என்று பாருங்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். கையைக் குவித்தால் நேர் ரேகையும் சரிந்ததுபோலத் தெரியும். விரல்களைத் தளர்வாக நீட்டி, பக்கவாட்டு வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். கிளை ரேகையிலிருந்தே முளைக்க வேண்டும். மேலிருந்து வந்து வெட்டிக்கொண்டு கீழே போனால் அது வெறும் குறுக்கு ரேகை. இதெல்லாம் சாஸ்திர வழக்கு, அறிவியல் நிரூபணம் கிடையாது.