சீட்டுக்கட்டில் காணாமல் போன 86 பிட்

ஐயா,
நன்றாகக் கலைத்த சீட்டுக்கட்டில் சுமார் 226 பிட் தகவல் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். 52 சீட்டில் ஒன்றைக் குறிக்க 6 பிட் வேண்டும். 52 × 6 = 312. மீதி 86 எங்கே போயிற்று?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பெருக்கல் சரிதான், ஆனால் ஒரு பிட் என்பது ஒரு ‘ஆமா, இல்லையா’ கேள்விக்கான பதில், 6 பிட்டால் 64 பொருள்களைப் பிரித்துச் சொல்லலாம், நம்மிடம் இருப்பதோ 52. உண்மையான தேவை log₂ 52, அதாவது 5.70 பிட். இதிலேயே ஏறத்தாழ 16 பிட் குறைந்துவிடும்.

மீதி 70 சொச்சம் போவது வேறு வழியில். முதல் சீட்டைத் திருப்பிப் பார்த்த பிறகு, அது மறுபடி வராது என்று தெரியும். இரண்டாவதற்கு 51 வாய்ப்புதான். கையில் 32 சீட்டு மிச்சமிருக்கும்போது அடுத்ததைச் சொல்லச் சரியாக 5 பிட், 2 மிச்சமிருந்தால் 1 பிட். கடைசிச் சீட்டைத் திருப்பவே வேண்டாம், அதற்கு 0.

இவற்றையெல்லாம் கூட்டுங்கள்: log₂ 52 + log₂ 51 + … + log₂ 1. மடக்கைகளின் கூட்டல் என்பது எண்களின் பெருக்கல்தானே? ஆகவே இது log₂(52!). காரணீயப் பெருக்கம் உள்ளே நுழைவது இப்படித்தான். விடை 225.58. எல்லா வரிசைகளும் சம வாய்ப்புள்ளவையாக இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

அப்படிச் சம வாய்ப்பு வர எத்தனை தடவை கலைக்க வேண்டும்? கட்டை இரண்டாகப் பிரித்து, இரண்டு பாதியையும் விரலால் சரசரவென்று கோத்துவிடும் முறையை எடுத்துக்கொள்வோம். முடிந்ததும் ஒவ்வொரு சீட்டையும் பார்த்து ‘இடமா, வலமா, எந்தப் பாதியிலிருந்து வந்தது?’ என்று கேட்டால் நடந்தது முழுவதும் தெரிந்துவிடும். சீட்டுக்கு ஒரு பிட், ஆக ஒரு கலைப்புக்கு அதிகபட்சம் 52 பிட். நான்கு தடவைக்கு 208. தேவையோ 225.58! பற்றாக்குறை 17.58 பிட். அதாவது நான்கு தடவை எப்படிக் கோத்தாலும், ஏறத்தாழ 2 லட்சம் வரிசையில் ஒன்றைத்தான் எட்ட முடியும்.

ஐந்து தடவை என்றால் 260 பிட், போதும் போலத் தோன்றும். போதாது. வெவ்வேறு கலைப்புகள் ஒரே வரிசையில் போய் முடிவதால் பிட்டுகள் வீணாகின்றன. கட்டு அப்படியே தலைகீழாவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை கோத்ததும் பழைய வரிசை இரண்டு இழையாகப் பிரிந்து, ஒவ்வோர் இழைக்குள்ளும் முன்பின் மாறாமல், பின்னிக்கிடக்கும். அடுத்த தடவை அதிகபட்சம் நான்கு, ஐந்தாவதில் 32. தலைகீழ்க் கட்டில் ஒவ்வொரு சீட்டும் தனி இழை, மொத்தம் 52. ஆறாவது கலைப்பு இல்லாமல் அது வரவே வராது.

வர முடிவது வேறு, சம வாய்ப்போடு வருவது வேறு. 1992-இல் கணிதவியலாளர்கள் டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் கணக்கிட்டு, ஏழு தடவை கலைக்க வேண்டும் என்று சொன்னது இந்த இரண்டாவதைப் பற்றியது. ஏழிலும் முழுச் சமம் வந்துவிடுவதில்லை, அதற்குமேல் ஒவ்வொரு தடவையும் குறை ஏறக்குறைய பாதியாகும். எங்கள் வீட்டு ரம்மியில் மூன்றாவது தடவையிலேயே ‘போதும், போடு’ என்பார்கள்.