வயிறு நிறைந்த பிறகும் முறுக்கு டப்பாவைத் தேடுவது ஏன்?

கேள்வி: கணக்குப் பிரிவில் வேலை. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாட்களில் மதியம் சாப்பிடவே தோன்றாது. இரவு வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிடுவேன். ஆனால் பத்து மணிக்கு முறுக்கோ உப்பு முட்டைச் சிப்ஸோ இல்லாமல் இருக்க முடிவதில்லை. பசியே இல்லை. கணவர் இதே வேலைச் சுமையோடு சும்மா இருக்கிறார். எனக்கு மட்டும் மன உறுதி இல்லையா?
- வாசகி, செங்காங்

பதில்: மன உறுதியை விடுங்கள். மதியம் பசிக்காததும் இரவு பத்து மணிக்குக் கை டப்பாவைத் தேடுவதும் ஒரே சங்கிலியின் இரண்டு முனைகள்தான்.

பதற்றம் வந்த உடனே வேலை செய்வது அட்ரினலின் என்ற ஹார்மோன். அது செரிமானத்தை ஒத்திப்போட்டுப் பசியை அமுக்கிவிடும். மேலதிகாரி கணக்கில் பிழை என்று கூப்பிட்டால் சோறு இறங்காதது அதனால்தான். சற்றுப் பின்னால் வருவது கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன். பதற்றம் தொடங்கி இருபது, முப்பது நிமிடத்தில் அது இரத்தத்தில் உச்சத்துக்குப் போகிறது. பாதியாகக் குறையவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். செலவழிந்த சக்தியைத் திரும்ப நிரப்பச் சொல்வது அதன் வேலைகளில் ஒன்று. ஆனால் நீங்கள் ஓடவும் இல்லை, சண்டை போடவும் இல்லை, நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். சக்தி அப்படியே இருக்க, நிரப்பச் சொல்லும் கட்டளை மட்டும் வருகிறது.

உங்கள் ஒரு நாளைப் பாருங்கள். ஆறு மணிக்குப் பிழை பிடிபடுகிறது, ஏழரைக்கு எம்ஆர்டியிலும் அதே நினைப்பு, ஒன்பதுக்குச் சாப்பாடு, ஒன்பதரைக்குக் கைப்பேசியில் இன்னொரு மின்னஞ்சல். அந்த மின்னஞ்சல் கிளப்பிய கார்டிசால் உச்சத்தில் இருக்கும் நேரம்தான் உங்கள் பத்து மணி.

சரி, ஏன் முறுக்கு, ஏன் ஆப்பிள் இல்லை? ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. மாவுச்சத்திலும் புரதத்திலும் 4தான். நிரப்பச் சொல்லும் உடலுக்கு எண்ணெயில் பொரித்ததுதான் லாபம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. சான்பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மேரி டால்மன் குழுவினர் எலிகளை வைத்து ஆராய்ந்து 2003இல் எழுதினார்கள்: நீண்ட மன அழுத்தத்தில் இருக்கும் எலி பன்றிக்கொழுப்பும் சர்க்கரையும் தின்றால், அதன் அழுத்தச் சுரப்பே தணிகிறது. அதாவது அந்தத் தீனி நிஜமாகவே ஆற்றுகிறது. மனிதருக்கும் அந்த ஆறுதல் தெரிகிறது, மூளை அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்கிறது. அடுத்த மாதக் கடைசியில் அது நேராக டப்பாவைக் காட்டும்.

உப்பின் கதை கொஞ்சம் வேறு. உடலுக்கு உப்பு மட்டும்தான் வேண்டுமென்றால் நீங்கள் ஊறுகாயைத் தேடியிருப்பீர்கள். தேடவில்லை. உப்பு, எண்ணெயின் ருசியையும் மாவின் ருசியையும் தூக்கிக் கொடுக்கிறது. உப்பில்லாத முறுக்கை இரண்டாவது கடி கடிக்க மாட்டீர்கள். மூன்றும் சேர்ந்த அந்தக் கூட்டுக்குத்தான் உங்கள் நாக்கு பழகியிருக்கிறது.

கணவர் விஷயம்: ஒரே நெருக்கடிக்கு ஒவ்வொருவர் உடலும் ஒவ்வோர் அளவு கார்டிசால் சுரக்கிறது. அதிகம் சுரந்த பெண்கள் அதன்பின் அதிகம் சாப்பிட்டதை 2001இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அழுத்தத்தில் சாப்பாடே குறைந்துபோகிறவர்களும் நிறையப் பேர்.

இன்று இரவு ஒன்று செய்து பாருங்கள். டப்பாவைத் திறக்கும் முன், இரண்டு இட்லியும் சாம்பாரும் வைத்தால் சாப்பிடுவேனா என்று கேளுங்கள். ஆம் என்றால் அது பசி, இட்லியே சாப்பிடுங்கள். வேண்டாம், முறுக்குதான் என்றால் அது கார்டிசாலும் பழக்கமும். அப்போது கீழே இறங்கிப் புளோக்கைச் சுற்றி கால் மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள்; வேகம் தணிய நேரம் கிடைக்கும். அப்புறமும் வேண்டுமென்றால் டப்பாவோடு உட்காராமல் கிண்ணத்தில் இரண்டு முறுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கான உப்பு மொத்தமே 5 கிராம், ஒரு தேக்கரண்டிதான். இரவுச் சாப்பாட்டோடு அதில் பெரும்பகுதி முடிந்திருக்கும்.

இதைவிடப் பலன் தருவது மதியத்தைச் சரிசெய்வது. சோறு இறங்காவிட்டாலும் நாலு மணிக்குள் ஒரு கிண்ணம் சுண்டலோ அவித்த முட்டையோ உள்ளே போகட்டும். பட்டினியும் கார்டிசாலும் சேர்ந்தால் தாக்குப்பிடிப்பது கஷ்டம். ஒன்பதரை மணி மின்னஞ்சலைக் காலைக்குத் தள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் தாமதிக்காதீர்கள். உப்பு ஆசையோடு எடை குறைவது, எழுந்தால் தலைசுற்றுவது, தோல் கறுப்பது என்று வந்தால் அது அட்ரினல் சுரப்பிக் குறைபாடாக இருக்கலாம். உடனே பாலிகிளினிக் மருத்துவரிடம் காட்டுங்கள்.