கை தூக்கியது தீர்மானம் ஆகுமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் கோயில் ஒன்றின் செயலாளர் நான். மடப்பள்ளியைப் புதிதாகக் கட்டுவதா, மண்டபக் கூரையைப் பழுதுபார்ப்பதா என்று முடிவெடுக்கச் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டினோம். பேச்சு நீண்டதால், "சும்மா எல்லார் மனசும் தெரியட்டும், கையைத் தூக்குங்க" என்றார் தலைவர். வந்திருந்த 41 பேரில் மடப்பள்ளிக்கு 24 பேரும் கூரைக்கு 9 பேரும் கை தூக்கினார்கள். கூட்டத்தை ஒத்திவைத்தோம். நான் "24க்கு 9 என நிறைவேறியது" என்று எழுதிவிட்டேன். நான்கு வாரம் கழித்துக் கூட்டம் தொடர்ந்தபோது, கூரை முதலில், மடப்பள்ளி தைப்பூசத்துக்குப் பிறகு என்று பேசி முடித்தோம். "யாருக்கும் மறுப்பு இல்லையே, அப்படியே செய்வோம்" என்றார் தலைவர், யாரும் மறுக்கவில்லை. வாக்கெடுப்பு இல்லாததால் "கலந்து பேசப்பட்டது" என்று மட்டும் எழுதினேன். கூரைக்கு 38,000 ரிங்கிட் செலவான பிறகு, தீர்மானத்தை மீறிவிட்டதாக ஓர் உறுப்பினர் எழுத்து மூலம் புகார் தந்திருக்கிறார். என்ன செய்வது?

பதில்: ஐயா, உங்கள் குறிப்பேட்டில் இரண்டு பதிவுகளும் இடம் மாறி நிற்கின்றன. தீர்மானம் அல்லாததைத் தீர்மானம் என்றும், தீர்மானத்தை வெறும் பேச்சு என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

முதல் நாள் நடந்தது நாடி பார்ப்பதற்கான கைதூக்கல். அங்கே ஒருவர் முன்மொழிந்து மற்றொருவர் வழிமொழிந்த வாசகம் எதுவும் இல்லை. இந்தக் கை தங்களைக் கட்டுப்படுத்தும் என்று உறுப்பினர்களுக்குச் சொல்லப்படவும் இல்லை. மாறாக, "சும்மா" என்ற சொல்லாலேயே அது கட்டுப்படுத்தாது என்று தலைவர் தெரிவித்துவிட்டார். கை தூக்காத 8 பேரை எண்ணிப் பாருங்கள்: வாக்கெடுப்பு என்று அறிந்திருந்தால் அவர்களும் ஏதாவது ஒரு பக்கம் நின்றிருக்கக்கூடும். ஆகவே 24 என்ற எண் பெரும்பான்மையாகத் தோன்றினாலும், அது அன்றைய மனப்போக்கை மட்டுமே காட்டுகிறது.

இரண்டாம் நாளில் நடந்ததுதான் முடிவு. தலைவர் அதை வாய்விட்டுச் சொல்லி, மறுப்பு உண்டா என்று கேட்டு, மறுப்பு எழாத நிலையில் அறிவித்திருக்கிறார். உங்கள் சங்க விதிகள் இத்தகைய செலவுக்கு இரகசிய வாக்கெடுப்பையோ மூன்றில் இரண்டு பங்கு போன்ற கணக்கையோ கேட்கவில்லை என்றால், எண்ணாமலே எடுத்த அந்த முடிவு செல்லும். ஆனால் கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற குறைவெண் நிரம்பியிருக்க வேண்டும். வாக்குரிமை உள்ள உறுப்பினர்களில் பாதி அல்லது செயற்குழுவினரைப் போல் இருமடங்கு, இவற்றில் எது குறைவோ அது என்பது நம் நாட்டில் பல சங்கங்களின் விதி. உங்கள் செயற்குழுவில் 15 பேர் என்றால் 30 பேர் போதும். அன்றைய வருகைக் கையெழுத்துத் தாளை முதலில் எடுத்துப் பாருங்கள். வந்தவர் எண்ணிக்கை குறைந்தால் என் பதில் மாறிவிடும்.

குறிப்பேடு என்பது நடந்ததற்குச் சான்று, முடிவே அதுவல்ல. தவறாக எழுதப்பட்டது என்று காட்ட முடிந்தால் அதைத் திருத்தலாம். ஆனால் பழைய பக்கத்தை அழிக்கவோ, கிழிக்கவோ, வெள்ளை மை பூசவோ கூடாது. தவறான வரியின் மீது, எழுத்து தெரியும்படி ஒரே ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் தலைவரும் நீங்களும் தேதியுடன் சுருக்கொப்பமிட்டு, அடுத்த பொதுக்கூட்டத்தில் திருத்தத்தை முன்வைத்து ஒப்புதல் பெறுங்கள். முதல் நாளுக்குரிய திருத்தம் இப்படி அமையலாம்: "உறுப்பினர்களின் மனப்போக்கை அறியத் தலைவர் கைகளை உயர்த்தச் சொன்னார். இது வாக்கெடுப்பு அன்று. தீர்மானம் எதுவும் எடுக்கப்படவில்லை." எண்களை விட்டுவிடுவதே என் விருப்பம். எண் இருந்தால் படிப்பவர் கண் அதிலேயே நிற்கும். இப்போது வந்திருக்கும் புகாரும் அப்படித்தான் பிறந்தது.

இரண்டாம் நாளுக்கு: "மண்டபக் கூரையை முதலில் பழுதுபார்ப்பது, மடப்பள்ளி வேலையைத் தைப்பூசத்துக்குப் பின் தொடங்குவது என்ற முடிவைத் தலைவர் எடுத்துரைத்து, மறுப்பு உண்டா எனக் கேட்டார். மறுப்பு எழவில்லை. வாக்கெடுப்பின்றி, இணக்கத்தின் பேரில் முடிவு ஏற்கப்பட்டது." இங்கே "ஏகமனதாக" என்று எழுதிவிடாதீர்கள். அச்சொல் வந்திருந்த ஒவ்வொருவரும் ஆதரித்ததாகப் பொருள் தரும். பேசாமல் இருந்தவர் நாளை "நான் ஆதரிக்கவில்லை" என்றால் முழுப் பதிவின் நம்பகத்தன்மையும் ஆட்டம் காணும். அன்று 38,000 ரிங்கிட் என்ற தொகை சொல்லப்படவில்லை என்றால், அதையும் இப்போது நுழைக்கக் கூடாது.

தொகை சொல்லப்படவில்லை என்றாலோ, குறைவெண் பற்றி ஐயம் இருந்தாலோ, திருத்தத்தோடு நிற்காமல், ஏற்கெனவே செய்துவிட்ட கூரைச் செலவுக்கு இப்போது ஒப்புதல் தரும் தனித் தீர்மானம் ஒன்றைக் கூட்ட அறிவிப்பிலேயே சேர்த்து, இம்முறை முறைப்படி வாக்கெடுத்து எண்ணிக்கையைப் பதியுங்கள். குறிப்பை உறுதிப்படுத்துவது எழுதியது சரி என்று சொல்வது மட்டுமே. செலவுக்குப் புதிதாக அனுமதி தருவதாக அது ஆகாது.

புகார் தந்தவருக்கு இந்த விவரங்களைச் சொல்லி உடனே எழுத்தில் பதில் அனுப்புங்கள். 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, உறுப்பினர்களிடையே தகராறு இருப்பதாகப் பதிவாளர் கருதினால் அது தீர்ந்ததற்கான சான்றைச் சங்கத்திடம் கேட்கலாம். அப்போது உங்கள் கையில் இருக்க வேண்டியவை கோடிட்ட அந்தப் பக்கம், இரண்டு நாள்களின் வருகைத் தாள்கள், திருத்தத்துக்கு ஒப்புதல் அளித்த கூட்டத்தின் குறிப்பு ஆகியவையே.