ஸ்ப்ரேயை மாற்றினால் தண்ணீர்ப் புள்ளி போகுமா?

கேள்வி: குளியலறைக் கண்ணாடித் தடுப்பு முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர்ப் புள்ளி. மூன்று வகை கிளாஸ் கிளீனர் வாங்கித் தேய்த்துப் பார்த்துவிட்டேன், அசையவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியிலோ துடைத்த பிறகுதான் கோடு கோடாகத் தெரிகிறது. இன்னும் விலை கூடியதாக வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். நீங்கள் வாங்கிய மூன்றும் பெரும்பாலும் ஒரே சரக்காகத்தான் இருக்கும். தண்ணீர், கொஞ்சம் ஆல்கஹால், துளி சோப்புப் பொருள், நீலச் சாயம், வாசனை. கைரேகை, எண்ணெய்ப் பிசுக்கு, தூசி இதற்கெல்லாம் அது போதும். உங்கள் புள்ளிகள் அழுக்கே இல்லை, உப்புத் தண்ணீர் காய்ந்து விட்டுப்போன சுண்ணாம்பு. பாத்திரத்தின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவுதான். அதைக் கரைக்க அமிலம் வேண்டும், அதனால் கடையில் பாட்டிலின் முன்பக்கம் எழுதியிருப்பதை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். சிட்ரிக், லாக்டிக், சல்ஃபாமிக் என்று ஏதாவது ஓர் அமிலத்தின் பெயர் இல்லையென்றால் அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம்.

சொல்லப்போனால் அதுகூட வேண்டியதில்லை. கால் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் தூளைக் கலக்கினால் போதும், அல்லது வெள்ளை வினிகரைத் தண்ணீர் சேர்க்காமல் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எலுமிச்சைச் சாற்றிலும் சிட்ரிக் அமிலம்தான் இருக்கிறது, ஆனால் சக்கையும் சர்க்கரையும் ஒட்டிக்கொண்டு அதைத் துடைப்பது தனி வேலையாகிவிடும்.

பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள்: வினிகரைத் தெளித்த கையோடு தேய்க்க ஆரம்பித்துவிடுவார்கள். நேராக நிற்கும் கண்ணாடியில் தெளித்தது அரை நிமிடத்தில் வழிந்து கீழே போய்விடும், சுண்ணாம்பு கரைய நேரம் எங்கே? நானும் இப்படித் தேய்த்துத் தோள் வலித்ததுதான் மிச்சம். முதலில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டு சோப்புப் படலத்தைக் கழுவிவிடுங்கள், இல்லையென்றால் அமிலம் உள்ளே இறங்காது. அப்புறம் டிஷ்யூ தாளைக் கரைசலில் நனைத்துக் கண்ணாடியின் மேல் ஒட்டுங்கள், ஈரத்தில் தானாகவே பிடித்துக்கொள்ளும். 15 நிமிடம் விடுங்கள், நடுவில் காய்கிற மாதிரி தெரிந்தால் மேலே கொஞ்சம் தெளியுங்கள். தாளை உருவிவிட்டுக் கீறாத ஸ்பாஞ்சால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, வைப்பரால் மேலிருந்து கீழே இழுத்துவிடுங்கள். தரை மார்பிளாக இருந்தால் சொட்டுகூட விழாமல் துணியைப் போட்டு மறையுங்கள், அதுவும் சுண்ணாம்புதானே, பளபளப்பு போய்விடும். பிளீச்சிங் கலந்த எதையும் இதோடு சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும்.

ஈரமாக இருக்கும்போது எல்லாம் மறைந்த மாதிரியே தெரியும், நம்பாதீர்கள். முழுதும் காய்ந்த பிறகு பாருங்கள். புள்ளி பாதியாகக் குறைந்திருந்தால் வழி சரி, இன்னும் இரண்டு முறை தாளை ஒட்டினால் போய்விடும். மூன்று முறை ஒட்டியும் துளிகூட மாறவில்லை, நகத்தால் வருடினால் மேடு எதுவும் தட்டவில்லை என்றால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். பல வருடம் புள்ளி அப்படியே கிடந்தால் இப்படி ஆகும். அதற்கு எந்தத் திரவமும் உதவாது. சீரியம் ஆக்சைடு பசை வைத்துப் பாலிஷ் போடத் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும், இல்லையென்றால் அதோடு பழகிக்கொள்ள வேண்டும்.

முகம் பார்க்கும் கண்ணாடியின் கதை வேறு. அங்கே குற்றவாளி பெரும்பாலும் அளவுக்கு மீறித் தெளிப்பதும் துணியும்தான். ஏற்கெனவே படிந்த பிசுக்கு கரைந்து, துணியால் உறிஞ்ச முடியாமல், பரவிக் காய்ந்துவிடுகிறது. துணி துவைக்கும்போது சாஃப்ட்னர் போட்டிருந்தால் அந்த மெழுகுத்தன்மையும் கண்ணாடிக்கு வந்துவிடும். இரண்டு மைக்ரோஃபைபர் துணி வைத்துக்கொள்ளுங்கள், சாஃப்ட்னர் இல்லாமல் துவைத்தது. ஒன்றை நனைத்து இறுகப் பிழிந்து துடைத்த கையோடு, காயவிடாமல், இன்னொன்றால் உலரத் துடையுங்கள். ஜன்னலுக்கும் இதேதான், வெயில் நேராக அடிக்கும் நேரத்தில் மட்டும் வேண்டாம். ஜன்னலில் கோடு உள்பக்கமா வெளிப்பக்கமா என்று குழப்பமாக இருந்தால் ஒரு பக்கத்தைக் குறுக்காகவும் மறுபக்கத்தை நெடுக்காகவும் துடைத்துப் பாருங்கள், கோடு போகும் திசையே சொல்லிவிடும்.

முகக் கண்ணாடியில் நேராகத் தெளிக்காமல் துணியில் தெளித்துத் துடையுங்கள். வழிகிற ஈரம் கீழ் ஓரத்தில் தேங்கிப் பின்பக்கத்து வெள்ளிப் பூச்சுக்குள் ஏறும். ஓரத்தில் கறுப்பாகப் படர ஆரம்பித்துவிட்டால் அது அழுக்கில்லை, பூச்சே போய்விட்டது, துடைத்து வராது.